கலைச்சொல்: முக்கோணத்தின் அடியில் அமரும் சதுரத்துக்கு என்ன பெயர்?

நாகர்கோவில், கணக்கு ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'முக்கோணத்தின் அடிப்பக்கத்தின் மேல் ஒரு பக்கம் படியும்படி உள்ளே வைக்கக்கூடிய மிகப்பெரிய சதுரம்' என்று ஒவ்வொரு கணக்கிலும் எழுதிக் கை வலிக்கிறது. ஆங்கில வழிப் பிள்ளைகள் 'இன்ஸ்கிரைப்ட் ஸ்கொயர்' என்று முடித்துவிடுகிறார்கள். நமக்கு ஒரு சொல் வேண்டும்.

கணக்கில் சிக்கல் இல்லை. அடி 30, உயரம் 20 என்று வையுங்கள். சதுரத்தின் பக்கம் s. சதுரத்துக்கு மேலே மிஞ்சும் சின்ன முக்கோணத்தின் அடியும் s, உயரம் 20 − s. சின்னதும் பெரியதும் வடிவொத்தவை, ஆகவே s/30 = (20 − s)/20. பெருக்கிப் பார்த்தால் s = 12. பொதுவாக அடி b, உயரம் h என்றால் s = bh/(b + h). நான் யோசித்து வைத்திருப்பது 'அடிச்சதுரம்'. சரிப்படுமா?

தக்கலை, பொறியாளர்

டீச்சர், புதுச்சொல் எதற்கு? முக்கோணத்துக்குள் மூன்று பக்கத்தையும் தொடும் வட்டத்தை உள்வட்டம் என்கிறோம். இங்கேயும் சதுரத்தின் நாலு மூலையும் முக்கோணத்தின் பக்கங்களில்தான் கிடக்கின்றன. 'உட்சதுரம்' என்றால் போதும்.

'அடி' என்பதும் வேண்டாம். மூன்று பக்கத்தில் எதை அடியாக எடுத்தாலும் bh என்பது பரப்பின் இரண்டு மடங்கு. அது மாறாது. அதனால் எந்தப் பக்கத்தில் வைத்தாலும் அதே அளவுச் சதுரம்தான் வரும்.

குளச்சலிலிருந்து ஒருவர்

அடிச்சதுரம் என்று பார்த்ததும் சதுர அடிக் கணக்கு என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். வந்ததற்கு என் சங்கதியையும் கேட்டுவிடுகிறேன். எனக்கு முக்கோண வடிவில் ஒரு மனை இருக்கிறது. ரோட்டோரம் 60 அடி, பின்னால் கூம்பி 40 அடி ஆழம். இரண்டே முக்கால் சென்ட். இதில் மிகப்பெரிய சதுரமாக வீடு வைத்தால் எத்தனை சதுர அடி கிடைக்கும்? புரோக்கர் பாதி மனை வீட்டுக்கு வரும் என்கிறார்.

குலசேகரம், மரப்பட்டறை

எனக்க அப்பா ஆசாரி. இந்தச் சூத்திரமெல்லாம் அவருக்குத் தெரியாது, ஆனால் முக்கோணத் துண்டுப்பலகையில் சதுரம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பலகையின் அடியோரம் இடது மூலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம் போடுவார். அதன் கீழ்ப்பக்கம் அடியோரத்தில் படியும், மேல் இடது மூலை சாய்வு ஓரத்தைத் தொடும். பிறகு பலகையின் இடது மூலையிலிருந்து அந்தச் சின்னச் சதுரத்தின் மேல் வலது மூலை வழியாக நேரே ஒரு கோடு. அது வலது ஓரத்தில் எங்கே முட்டுகிறதோ அதுதான் பெரிய சதுரத்தின் மேல் வலது மூலை. அங்கிருந்து மூலைமட்டம் வைத்து அடிக்கு இறக்கினால் வேலை முடிந்தது. 30 அங்குல அடியும் 20 அங்குல உயரமும் உள்ள பலகையில் டீச்சர் சொன்ன 12 அங்குலம் அப்படியே வரும்.

ஆனால் சில பலகையில் மட்டத்தை வைத்து இறக்கும்போது கோடு பலகைக்கு வெளியே போய்விடும். அப்போது அப்பா துண்டைத் திருப்பிப் போட்டு வேறு ஓரத்தை அடியாக்குவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மார்த்தாண்டம், ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர்

பட்டறைக்காரத் தம்பி சொன்ன அந்த 'வெளியே போய்விடும்' என்பதில்தான் நம் சொல்லின் தலையெழுத்தே இருக்கிறது. அதற்கு முன் தக்கலைக்காரருக்கு ஒன்று. மேலே உள்ள bh மாறாது, சரி. கீழே உள்ள b + h மாறுமே! 3, 4, 5 பக்கமுள்ள செங்கோண முக்கோணத்தை எடுங்கள். 3-ஐ அடியாக வைத்தால் உயரம் 4, சதுரத்தின் பக்கம் 12/7, ஏறக்குறைய 1.71. 5-ஐ அடியாக வைத்தால் உயரம் 2.4, பக்கம் 12/7.4, ஏறக்குறைய 1.62. ஆகவே எந்த அடி என்று சொல்லாமல் வெறும் 'உட்சதுரம்' என்றால் எது என்று தெரியாது. உள்வட்டம் ஒன்றே ஒன்று, அதற்கு அந்தக் கவலை இல்லை.

இனி விரிகோணம். அடி 6, உயரம் 6 என்று ஒரு முக்கோணம். ஆனால் உச்சி வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்து, அதன் நேர்கீழ்ப் புள்ளி இடது மூலையிலிருந்து 10 தள்ளி, அடிக்கு வெளியே விழுகிறது. சூத்திரம் 36/12, அதாவது 3 என்று சொல்லும். வரைந்து பாருங்கள். 3 உயரத்தில் முக்கோணத்தின் அகலம் 3 தான். ஆனால் அது 5-இல் தொடங்கி 8-இல் முடிகிறது. அடியோ 6-லேயே முடிந்துவிட்டது. சதுரத்தின் கீழ் வலது மூலை அந்தரத்தில் தொங்கும். ஆசாரியின் மூலைமட்டம் காட்டியது இதைத்தான்.

உள்ளேயே நிற்க வேண்டுமென்றால் சதுரத்தை அடியின் வலது முனைவரை தள்ளி, மேல் இடது மூலை சாய்வுப் பக்கத்தைத் தொடும்வரை வளர்க்க வேண்டும். அப்போது b + h இருந்த இடத்தில் 10 + 6 வரும். பக்கம் 36/16 = 2.25. இந்தச் சதுரம் வலது பக்கத்தை அடிமுனையில் மட்டும் தொடுகிறது, மேல் வலது மூலை எதையும் தொடாமல் உள்ளே நிற்கிறது. 'நாலு மூலையும் பக்கங்களில் இருக்கும்' என்ற பொருளில் உட்சதுரம் என்று பெயர் வைத்தால் அந்தப் பெயர் இதற்குப் பொருந்தாது. டீச்சர் கேட்டது மிகப்பெரியது, தொடுவது அல்ல. குறுங்கோணத்திலும் செங்கோணத்திலும் இரண்டும் ஒன்றாக அமைந்துபோகிறது, அவ்வளவுதான்.

குளச்சல்காரருக்கு: பின்மூலை ரோட்டோர 60 அடிக்கு நேர் எதிரே இருந்தால் 2400/100, 24 அடிச் சதுரம். 576 சதுர அடி. மனை 1200 சதுர அடி, புரோக்கர் பாதி என்று கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார். சதுரமாகவே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் 30-க்கு 20 அடி நீள்சதுரம் கிடைக்கும், 600, சரியாகப் பாதி. ஆனால் சுற்றிலும் விட வேண்டிய இடத்தை இதில் நான் கழிக்கவில்லை.

குளச்சலிலிருந்து

பின்மூலை நேர் எதிரே இல்லை சார், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குப் பின்னால் போகிறது. அப்போ ஆழம் 40 என்பதை எங்கேயிருந்து அளந்தேன் என்று முதலில் போய்ப் பார்க்கிறேன்.

தக்கலை, பொறியாளர்

சதுரத்தின் அளவு விஷயத்தில் நான் சொன்னது தவறு. சொல் விஷயத்தில் விடமாட்டேன். விரிகோணத்தை விலக்கிவிட்டு உட்சதுரம் என்று வைத்தால் என்ன? பள்ளிக் கணக்கில் குறுங்கோண முக்கோணம்தானே வருகிறது.

நாகர்கோவில், கணக்கு ஆசிரியை

விலக்கினால் பிள்ளைகள் எங்கே பார்த்தாலும் bh/(b + h) என்று போட்டுவிடுவார்கள். அதைத்தான் இத்தனை வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். 'அடிச்சதுரம்' குளச்சலிலேயே தடுக்கி விழுந்துவிட்டது, அதைக் கைவிடுகிறேன். 'அடியமர் சதுரம்' என்றால் அடியில் உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் பொருள், தொடுகிறதா இல்லையா என்ற வாக்குறுதி ஏதும் இல்லை. மிகப்பெரியதைச் சொல்ல 'பெரும அடியமர் சதுரம்'. பெருமம், சிறுமம் பிள்ளைகளுக்கு எப்படியும் வரும் சொற்கள். நாலு மூலையும் பக்கங்களில் கிடக்கும்போது மட்டும் உட்சதுரம் என்று தக்கலை சாரின் சொல்லையும் வைத்துக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம், ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர்

'பெரும அடியமர்' வாய்க்குக் கொஞ்சம் கனம். 'அடியமர் பெருஞ்சதுரம்' என்று மாற்றிப் போட்டுச் சொல்லிப் பாருங்கள்.

குலசேகரம், மரப்பட்டறை

ரெண்டையும் பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். அப்பா 'உக்காந்த சதுரம்னு சொல்லுல' என்றார்.