மைனஸ் முப்பதா, வெறும் முப்பதா?

நிழல்வரை:
குவிலென்ஸ், குவியத் தொலைவு 15 செ.மீ. பொருள் லென்ஸிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. பிம்பம் எங்கே என்பது கேள்வி. எனக்கு v = −30 வருகிறது. விடைக்குறிப்பில் 30 என்று மட்டும் போட்டிருக்கிறது. கூடப் படிக்கிறவனுக்கு 6 வந்திருக்கிறது, "தூரத்துக்கு ஏதுடா மைனஸ்" என்று வேறு கேட்கிறான். யாராவது சரிபார்த்துச் சொல்லுங்களேன்.

கரும்பலகை:
விடை 30. மைனஸ் வராது தம்பி. பொருள் இருக்கிற பக்கத்திலேயே பிம்பமும் இருக்கிறது. ஒளி போகிற திசைக்கு எதிராக அளந்தால் பிளஸ். நாங்கள் படித்ததும் அப்படித்தான், இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். இப்போதுதான் ஆளாளுக்கு மைனஸ் போட்டு மாணவர்களைக் குழப்புகிறார்கள்.

ஒளிக்கதிர்:
ஆரம்பித்துவிட்டீர்களா ஐயா. அவர் கணக்கு சரி. u = −10, f = +15, சூத்திரம் 1/v − 1/u = 1/f. ஆகவே 1/v = 1/15 − 1/10 = −1/30. அந்த மைனஸுக்கு ஒரே அர்த்தம்தான்: பிம்பம் ஒளி வருகிற பக்கத்தில், பொருளுக்குப் பின்னால் இருக்கிறது. மாய பிம்பம். விடைக்குறிப்பு எழுதியவர் தூரத்தை மட்டும் எழுதிவிட்டு, பக்கம் எது என்று எழுதச் சோம்பல்பட்டிருக்கிறார். அவ்வளவே.

உங்கள் முறையிலும் கணக்கு வரும், மறுக்கவில்லை. ஆனால் அதில் குவிலென்ஸின் f −15 ஆகிவிடும். u = +10 போட்டு f = −15 போட்டால் v = +30. நீங்கள் f-க்கு மைனஸ் போட்டீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கரும்பலகை:
எனக்குக் கேள்வி கேட்கிற வயதா உங்களுக்கு? விடை 30 என்று அச்சடித்தே இருக்கிறது. தூரம் மைனஸில் இருக்க முடியுமா என்று அந்தப் பையன் கேட்டானே, அவனுக்குப் பதில் சொல்லுங்கள்.

சூத்திரச்சுருக்கன்:
எதுக்கு இவ்வளவு பெரிய சண்டை? மெய் பிம்பம் பிளஸ், மாய பிம்பம் மைனஸ், எப்பவும், எங்கேயும். 1/u + 1/v = 1/f. u = 10, f = 15. −30 வந்தாச்சு. குறி மரபு, திசை ஒன்றும் மண்டையில் ஏற்ற வேண்டாம்.

ஒளிக்கதிர்:
விடை சரி. "எப்பவும் எங்கேயும்" தவறு. உங்கள் மரபில் u-க்கு 10 என்றே போடவேண்டும். நிழல்வரை போல −10 போட்டு, உங்கள் சூத்திரத்தை எடுத்தால் 1/v = 1/15 + 1/10 = 1/6. அந்த நண்பனுக்கு வந்த 6 இதுதான். ஒரு மரபின் குறியும் இன்னொரு மரபின் சூத்திரமும்.

6 என்று வந்ததும் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். குவிலென்ஸ் தரும் மெய் பிம்பம் 15-க்கு உள்ளே விழவே விழாது. மிக மிகத் தூரத்துப் பொருளுக்கே 15-இல்தான் விழும், பொருள் கிட்டே வர வர பிம்பம் இன்னும் விலகித்தான் போகும்.

வெண்சுவர்:
நான் செய்தே பார்த்துவிட்டேன். கையில் இருக்கும் உருப்பெருக்கி கிட்டத்தட்ட இதே அளவு, ஜன்னல் பிம்பம் 15-இல் தெளிவாக விழுகிறது. விளக்கை 10-இல் வைத்து, மறுபக்கம் 30-இல் வெள்ளைத்தாள் பிடித்தேன். மங்கலாக ஒரு வட்ட வெளிச்சம், அவ்வளவுதான். தாளை முன்னும் பின்னும் நகர்த்தியும் ஒன்றும் இல்லை. ஆகவே 30-உம் இல்லை, −30-உம் இல்லை.

ஒளிக்கதிர்:
மறுபக்கம் 30 என்றால் அது +30. நாங்கள் சொல்வது −30. நீங்கள் தாளில் ஒன்றும் விழவில்லை என்று நிரூபித்தது எங்கள் பக்கத்துச் சாட்சி, நன்றி.

கரும்பலகை:
பார்த்தீர்களா, மைனஸ் போட்டால் தாளில்கூட விழாது.

ஒளிக்கதிர்:
ஐயா, மாய பிம்பம் எந்த மரபிலும் எந்தத் தாளிலும் விழாது. உங்கள் +30-உம் விழாது. லென்ஸைத் தாண்டி வரும் கதிர்கள் விரிந்துகொண்டே போகின்றன. பின்னோக்கி நீட்டினால்தான் சந்திக்கும். கோடு போட்டே பார்த்துவிடலாம். பொருளின் உயரம் 2 செ.மீ. என்று வையுங்கள். அச்சுக்கு இணையாக வரும் கதிர் லென்ஸை 2 உயரத்தில் தொட்டு, மறுபக்கம் 15-இல் இருக்கும் குவியம் வழியாக இறங்கும். மையம் வழியாகப் போவது நேராகப் போகும். இரண்டையும் பின்னால் நீட்டினால் பொருளின் பக்கம் 30-இல், 6 உயரத்தில் வெட்டிக்கொள்ளும். இதில் பிளஸும் கிடையாது மைனஸும் கிடையாது. அளவுகோலும் பென்சிலும்தான். குறியில் சந்தேகம் வந்தால் இதைத்தான் நான் முதலில் செய்வேன்.

வெண்சுவர், உங்களுக்கு: தாளை விடுங்கள். பொருளுக்குப் பதில் ஒரு குட்டை ஊசியை 10-இல் நிறுத்துங்கள். அதற்குப் பின்னால், அதே பக்கம், நெட்டை ஊசி ஒன்றை 30-இல் நிறுத்துங்கள், லென்ஸின் விளிம்புக்கு மேலே தெரியும்படி. மறுபக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். லென்ஸுக்குள் குட்டை ஊசியின் பிம்பம், விளிம்புக்கு மேலே நெட்டை ஊசி. தலையை இடம் வலமாக அசையுங்கள். இரண்டும் ஒட்டியே நகர்ந்தால் பிம்பம் அங்கேதான். நெட்டை ஊசி உங்கள் தலையோடு சேர்ந்து விலகினால் அது பிம்பத்துக்கும் அப்பால் நிற்கிறது, முன்னால் இழுங்கள்.

நிழல்வரை:
நன்றி. கூடவே ஒன்று. உருப்பெருக்கம் m = −v/u என்று போட்டால் எனக்கு −3 வருகிறது. அப்படியானால் தலைகீழா? படத்தில் நிமிர்ந்துதானே நிற்கிறது?

ஒளிக்கதிர்:
மறுபடியும் கலப்படம். உங்கள் மரபில் லென்ஸுக்கு m = v/u. −30-ஐ −10-ஆல் வகுத்தால் +3, நிமிர்ந்தது. m = −v/u சுருக்கன் வீட்டுச் சரக்கு, அவர் u = +10 போடுவதால் அவருக்கும் +3 வந்துவிடும்.

சூத்திரச்சுருக்கன்:
என் சரக்கு என்றதற்கு நன்றி. ஆக என் விதி தப்பவில்லை. மாயம் என்றால் மைனஸ்.

ஒளிக்கதிர்:
லென்ஸோடு நிறுத்திக்கொண்டால் தப்பவில்லை. நிழல்வரையின் மரபிலேயே ஒரு குழியாடியை எடுங்கள். f = −15, பொருள் u = −30. v-உம் −30 வரும். பொருள் இருக்கும் இடத்திலேயே தலைகீழான மெய் பிம்பம், தாளில் பிடிக்கலாம். மைனஸ், ஆனால் மெய். அந்த மரபில் குறி பக்கத்தைத்தான் சொல்கிறது, மெய்யா மாயமா என்பதை நீங்கள் யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

சூத்திரச்சுருக்கன்:
கேள்வி லென்ஸ். ஆடியை யார் கேட்டது? என் மரபில் ஆடிக்கும் மெய் என்றால் பிளஸ்தான். போன மாதம் ஆடிக் கணக்கிலும் இப்படித்தான் நுழைந்து எல்லாரையும் விரட்டினீர்கள்.

கரும்பலகை:
அதை நானும் மறக்கவில்லை. விடை 30.

தேன்கூடு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மெய் பிம்பம் 15-க்கு உள்ளே "விழவே விழாது" என்று ஒளிக்கதிர் அடித்துச் சொன்னது உறுத்துகிறது. முன்னால் இன்னொரு லென்ஸ் இருந்து, குவிந்துகொண்டே வரும் ஒளி இந்த லென்ஸில் பட்டால்? இந்த லென்ஸ் இல்லாவிட்டால் அந்த ஒளி 10 செ.மீ. அப்பால் ஒரு புள்ளியில் சேர்ந்திருக்கும் என்று வையுங்கள். அப்போது u = +10. 1/v = 1/15 + 1/10. v = +6. மெய் பிம்பம், தாளில் விழும், 15-க்கு உள்ளே.

ஒளிக்கதிர்:
கேள்வியில் இருப்பது ஒரு லென்ஸ், ஒரு மெய்யான பொருள். அதற்கு நான் சொன்னது நிற்கும்.

தேன்கூடு:
நீங்கள் "மெய்யான பொருளுக்கு" என்று எழுதவில்லையே. "விழவே விழாது" என்றுதான் எழுதினீர்கள்.

ஒளிக்கதிர்:
எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்தவர்களுக்கு எழுதினேன்.

நிழல்வரை:
நண்பன் இதைப் படித்துவிட்டு "பார், 6-உம் சரி" என்று குதிக்கிறான்.

தேன்கூடு:
அவருடைய கணக்குக்குச் சரியில்லை. வேறு கணக்குக்குச் சரி.

வெண்சுவர்:
ஊசி வைத்துப் பார்த்தேன். ஒட்டி நகர்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் 27-இலும் ஒட்டுகிறது, 33-இலும் ஒட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. இதுதானா உங்கள் துல்லியம்?

ஒளிக்கதிர்:
பொருளின் தூரத்தை எங்கிருந்து அளந்தீர்கள், லென்ஸின் முகத்திலிருந்தா நடுவிலிருந்தா? பொருள் 9.5-இல் நின்றால் பிம்பம் ஏறக்குறைய 26-இல், 10.5-இல் நின்றால் 35-இல். குவியத்தை நெருங்க நெருங்க அரை செ.மீ. தவறு பத்து செ.மீ. ஆகிவிடும். 5-இல் வைத்துப் பாருங்கள், பிம்பம் 7.5-இல் இருக்கும், இவ்வளவு ஆடாது.

வெண்சுவர்:
அப்படியானால் 30 என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒளிக்கதிர்:
கணக்கில் 10 என்று கொடுத்தால் 10!

கரும்பலகை:
30 என்று நான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். ஊசி, தாள், ஆடி என்று ஊரைச் சுற்றி நீங்களும் 30-க்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

ஒளிக்கதிர்:
பொருளின் பக்கம் 30 என்று வந்தேன். f = +15 எழுதிய அதே தாளில் v = +30 எழுதினால், லென்ஸின் மறுபக்கம் மெய் பிம்பம் என்று பொருள். திருத்துபவர் சுழிக்கத்தான் செய்வார். இரண்டாவது முறையாகக் கேட்கிறேன், f-க்கு மைனஸ் போட்டீர்களா இல்லையா? கண்ணாடிச் சீட்டில் குவிலென்ஸுக்குத் திறன் பிளஸ் என்றுதான் எழுதுகிறார்கள். இந்த லென்ஸுக்கு ஏறக்குறைய +6.67 டயாப்டர். உங்கள் முறையில் அதை எப்படி எழுதுவீர்கள்?

கரும்பலகை:
நான் கண் மருத்துவர் இல்லை. என்னிடம் படித்தவர்கள் யாரும் தோற்றதில்லை.

சூத்திரச்சுருக்கன்:
என் விதியில் f பிளஸ், திறன் பிளஸ், மாய பிம்பம் மைனஸ். இருவரும் அதற்கு வந்துவிட்டால் சண்டையே இல்லை.

தேன்கூடு:
சுருக்கன், நான் சொன்ன குவிந்து வரும் ஒளிக்கு உங்கள் விதியில் u பிளஸா மைனஸா?

சூத்திரச்சுருக்கன்:
அதெல்லாம் தேர்வில் வராது.

ஒளிக்கதிர்:
மைனஸ் என்று சொல்லத் தெரியவில்லை, "தேர்வில் வராது."

சூத்திரச்சுருக்கன்:
தெரியும். உங்களிடம் சொல்ல விருப்பமில்லை.