புதுப்பிப்பு: நேர்காணலுக்கு முந்தைய நாள் மின்னஞ்சல்

நான் முன்பு கேட்டது: "நாளை காலை 11:30க்கு வீடியோ நேர்காணல், பிற்பகல் சென்னை அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. இன்று உறுதிசெய்து மின்னஞ்சல் அனுப்பினால் தொந்தரவாகத் தெரியுமா?"

அனுப்பினேன். நல்ல வேளை!

ஆள்சேர்ப்பு வேலையில் இருக்கும் அக்கா ஒருவர், "கேள்வியாக இல்லாமல், நீங்கள் புரிந்துகொண்டதை எழுதுங்கள், தவறு இருந்தால் அவர்களே திருத்துவார்கள்" என்றார். அழைப்பு வந்த அதே மடலுக்குப் பதிலாக இப்படி எழுதினேன்:

"வணக்கம். நாளை இந்திய நேரம் காலை 11:30க்கு, கீழே உள்ள இணைப்பில் கலந்துகொள்கிறேன். பிற்பகல் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் அசலும் நகலும் கொண்டுவருகிறேன். பணிவிடுப்புக் கடிதம் இன்னும் கிடைக்கவில்லை. ராஜினாமாவை ஏற்ற மடல் போதுமா?"

இருபது நிமிடத்தில் பதில்: 11:30 சிங்கப்பூர் நேரமாம். அதாவது நமக்குக் காலை 9 மணி! "இந்திய நேரம்" என்ற இரண்டு சொல்தான் காப்பாற்றியது.

முன்பு கேட்டபோது, மின்னஞ்சல் வேண்டாம், "இணைப்பு திறந்தால் போதும்" என்று ஒரு நண்பர் சொன்னது பாதி சரி. முந்தைய இரவே திறந்து பார்த்தேன். காத்திருப்பு அறை வந்தது, மைக்கும் கேமராவும் வேலை செய்தன. ஆனால் நேரம் தவறு என்பதை அது காட்டவே இல்லை.



பணிவிடுப்புக் கடிதம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. ஏற்பு மடலை அச்செடுத்துப் போனேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், போதும் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை.