புதுப்பிப்பு: அம்மாட அமெரிக்கா விசா ஃபோம் DS-160ல மாறின பேர் சரி வந்துட்டுது

"அம்மாட DS-160ல சர்நேமும் அதர் நேம்ஸும் மாறிட்டு, சப்மிட் பண்ணிட்டன், காசு இன்னும் கட்டேல்ல, என்ன செய்யிறது?" எண்டு முதல் கேட்டிருந்தன்.

எல்லாருக்கும் நன்றி. வெள்ளவத்தை அண்ணா சொன்னதுதான் சரி வந்தது, சப்மிட் பண்ணினதைத் திருத்தேலாது, ஆனா Retrieve an Applicationல பழைய ஃபோமிண்ட AA நம்பரைப் போட்டா அதை வச்சே புதுசா ஒண்டு தொடங்கலாம், பழைய பதிலெல்லாம் வந்துட்டுது, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில வச்சுப் பேரை எழுத்தெழுத்தாப் பாத்து மாத்தினன்.

நான் யோசிக்காத விஷயம், புது AA நம்பர் அப்பொய்ன்ட்மென்ட் புரொபைலுக்குத் தானாப் போகாது, அங்கயும் நம்பர், பேர் ரெண்டையும் நாங்களே மாத்தோணும்.

"காசு கட்டினாப் பிறகும் மாத்தலாம்" எண்ட தங்கச்சி, ஃபோமுக்கு அது சரி, ஆனா கட்டின காசு திரும்பி வராது, அதால விசா கேட்டகரியையும் முதலே பாத்து, பேரப்பிள்ளையைப் பாக்கப் போறதுக்கு B1/B2 போட்டுத்தான் கட்டினன். கனடா பயோமெட்ரிக்ஸ் பற்றிச் சொன்ன அண்ணா, இது அமெரிக்கா விசா. அப்பாவையும் இதே அப்பொய்ன்ட்மென்ட்ல சேக்கலாமோ எண்டது இன்னும் தெளிவில்லை.