‘ஆவன செய்யவும்’ வகைத் தொடர்களுக்கு ஒரு கலைச்சொல்

மஞ்சக்குப்பம், மொழிபெயர்ப்பாளர்:
‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’, ‘பிளீஸ் ரிவர்ட்’, ‘ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’. மின்னஞ்சல் எழுதும் கையேட்டில் இவற்றையெல்லாம் ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவர வேண்டும். ‘தேய்வழக்கு’ பொருந்தவில்லை. அது நடையின் பழமையைத்தான் சொல்கிறது. இங்கே குறை வேறு. கையில் இருப்பது ‘மழுப்புத்தொடர்’. உங்கள் கருத்து?

நெல்லிக்குப்பம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘ஆவன’ நல்ல தமிழ். ஆகவேண்டியவற்றைச் செய்க என்பதே பொருள். ஆங்கிலத் தொடர் பழசாகிவிட்டது என்பதற்காக இதையும் ஏன் தூக்கி எறிய வேண்டும்? இன்னொன்று: மழுப்புகிற தொடர் என்று விரித்தால் வினைத்தொகை. ‘சுடுசோறு’ போல ‘மழுப்புதொடர்’ என்றுதான் வரும், ஒற்று மிகாது.

முத்தியால்பேட்டை, அலுவலகக் கடிதப் பயிற்சியாளர்:
ஐயா, ஒற்றைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சிக்கல் ‘ஆவன’ என்ற சொல்லில் இல்லை, அது வந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பவருக்கு அது எந்தப் பிரிவுக்குப் போகும் என்று தெரியாது. அங்கே ‘ஆவன செய்யவும்’ என்பதற்கு ஒரு வேலை இருக்கிறது: எது ஆவது என்று முடிவுசெய்வதை அதிகாரியிடம் விடுகிறது. இருவர் தொழில்முறையில் எழுதிக்கொள்ளும் மின்னஞ்சலில் எழுதுபவருக்கு வேண்டியது என்னவென்று அவருக்கே தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் படிப்பவர் தலையில் கட்டுவதுதான் கோளாறு.

ஒரு எடுத்துக்காட்டு: ‘பில் இணைக்கப்பட்டுள்ளது. சரிபார்த்து ஆவன செய்து விரைவில் பதில் தரவும்.’ இது கணக்குப் பிரிவு, கிடங்கு, விற்பனையாளர் மூவருக்கும் ஒன்றாகப் போகிறது. மூவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். பதிலே வராது, வந்தால் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று மட்டும் வரும். தொடர் வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

திருத்தும்போது முதலில் ‘ஆவன’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எந்த வினை வரவேண்டும் என்று கேளுங்கள். பிறகு யார், எப்போது, ஏன் அப்போது என்பவை தாமாகவே வந்துவிடும்: ‘பில்லில் 40 பெட்டி என்று இருக்கிறது, கிடங்குக்கு வந்தது 38. விற்பனையாளர் கவனத்துக்கு: திருத்திய பில்லை வியாழன் மாலை 3 மணிக்குள் அனுப்புங்கள். வந்தால் வெள்ளிக்கிழமைப் பட்டுவாடாவில் சேர்த்துவிடலாம்.’

‘தாழ்மையுடன்’ போய்விட்டதே, மரியாதை குறையாதா என்று கேட்பார்கள். தமிழில் மரியாதை வினையின் விகுதியிலேயே இருக்கிறது. ‘அனுப்பவும்’ அறிவிப்புப் பலகை மாதிரி ஒலிக்கும், ‘அனுப்புங்கள்’ போதும். மேலதிகாரிக்கு என்றால் ‘அனுப்பித் தந்தால் இன்றே முடித்துவிடுவேன்’ என்று எழுதலாம்.

லாஸ்பேட்டை, மென்பொருள் பணியாளர்:
‘ரிவர்ட்’ எங்கள் துறையில் உண்மையிலேயே ஆபத்து. `git revert` என்றால் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுப்பது. மாற்றத்தை அனுப்பிவிட்டு, பதில் வேண்டி ‘பிளீஸ் ரிவர்ட்’ என்று எழுதினால், வெளிநாட்டுக் குழுவில் இருப்பவர் ரத்து செய்யச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். ‘இதைப் பார்த்து ஒப்புதல் சொல்லுங்கள்’ என்றால் குழப்பமே இல்லை. கலைச்சொல்லுக்கு என் ஓட்டு ‘தேய்தொடர்’. சின்னது, ஒற்றுச் சண்டையும் கிடையாது.

புதுச்சேரி, பிரெஞ்சு ஓய்வூதியதாரர்:
நான் தூதரகத்துக்கு எழுதும் கடிதத்தின் கடைசியில் நீளமான மரியாதை வாக்கியம் ஒன்று உண்டு. அதையும் எடுத்துவிடச் சொல்கிறீர்களா? எடுத்துவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடாதே?

முத்தியால்பேட்டை, அலுவலகக் கடிதப் பயிற்சியாளர்:
வேண்டாம் ஐயா, அப்படியே இருக்கட்டும். பிரெஞ்சு முறைக் கடிதத்தில் அந்த முடிப்பை இன்றும் எதிர்பார்க்கிறார்கள். இல்லாவிட்டால்தான் கண்ணில் உறுத்தும். அது எந்தச் செயலையும் மறைக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போவது போல. நம் ‘பொருள்:’, ‘பார்வை:’ வரிகளும் அச்சில் வார்த்தவைதான், ஆனால் பயன் உள்ளவை. அதனால் ‘தேய்தொடர்’ என்றால் இவையும் உள்ளே வந்துவிடும் என்று பயப்படுகிறேன்.

மஞ்சக்குப்பம், மொழிபெயர்ப்பாளர்:
அப்படியென்றால் ‘மழுப்புதொடர்’?

முத்தியால்பேட்டை, அலுவலகக் கடிதப் பயிற்சியாளர்:
அதிலும் ஒரு முள் இருக்கிறது. மழுப்புதல் வேண்டுமென்றே செய்வது. ‘ஆவன’ எழுதும் குமாஸ்தா பணிவு என்று நினைத்துத்தான் எழுதுகிறார். வினை விடுபட்டது என்பதை மட்டும் சொல்லும் ‘வினைமறைத் தொடர்’ எப்படி?

நெல்லிக்குப்பம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘எதிர்மறை’ பழகிய காதுக்கு ‘வினைமறை’ என்றால் ‘செய்யாதே’ என்பது போலக் கேட்கும். ‘வினைகரவுத் தொடர்’ என்று சொல்லிப் பார்க்கலாம்.

லாஸ்பேட்டை, மென்பொருள் பணியாளர்:
‘கரவு’க்கே இன்னொரு அகராதி வேண்டும் ஐயா. கையேடு அச்சுக்குப் போகும் வரை ‘தேய்தொடர்’ என்றே போட்டு வையுங்கள்.