125 பிள்ளைகள் என்று எழுதிவிட்டேன்

மொழிக்காரி: மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் சின்ன அறக்கட்டளை ஒன்றுக்கு, நன்கொடையாளர்களுக்குப் போகும் நன்றி அறிக்கையை இங்கிலீஷில் எழுதித் தருகிறேன். மையத்து அக்கா கோடு போட்ட நோட்டில் எழுதும் குறிப்புதான் மூலம். போன தடவை அதில் ‘ஜூன் 42 பேர், ஜூலை 38 பேர், ஆகஸ்ட் 45 பேர்’ என்று இருந்தது. கூட்டிப்பார்த்து, உங்களால் 125 பிள்ளைகள் படித்தார்கள் என்று எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முதல் நாள் போன் போட்டால் அக்கா சிரிக்கிறார்: “ஏம்மா, அதே பிள்ளைகதானே மாசாமாசம் வருது!” வருகைப் பதிவேட்டில் பேர் பேராக எண்ணினோம். 51.

அதோடு விட்டதா? டீச்சரை நோட்டில் ‘அவர்’ என்றிருந்ததால் நான் ஆம்பளையாக்கி வைத்திருந்தேன்.

இப்போது திணறுவது நன்றி வரியில். ‘தங்களின் மேலான உதவிக்குச் சிரம் தாழ்ந்த நன்றி’யை அப்படியே இங்கிலீஷாக்கினால் மனு மாதிரி இருக்கிறது. நீங்கள் என்ன செய்தீர்கள்?

பழையநோட்டு: எண்ணே வேண்டாங்க. ஒரு பிள்ளை கதையை உருக்கமா எழுதுங்க, போதும்.

ரசீதுக்காரர்: நன்றிக் கடிதம் மட்டும் வந்தது, வரிவிலக்குக்கு 10BE நன்கொடைச் சான்று வரலையே? ரெண்டு தடவை கேட்டாச்சு.

கணக்குப்பிள்ளை: அது வேற தாள் சார், கணக்கு பார்க்கிறவரைக் கேளுங்க.

கணக்குப்பிள்ளை: பழையநோட்டு சொல்வது பாதி சரி. சொந்தக் கையிலிருந்து 500 ரூபாய் தருபவர் கதையைப் படிப்பார். டிரஸ்ட் வழியாகத் தருபவர் எண்ணைத்தான் தேடுவார். நான் இரண்டே எண் போடுவேன்: மொத்தம் எத்தனை பிள்ளைகள், அதில் ஒழுங்காக வந்தவர்கள் எத்தனை பேர். ‘உங்களால் எல்லாம் நடந்தது’ என்றும் எழுதுவதில்லை. அவர் தந்தது டீச்சர் சம்பளம் என்றால் அதை மட்டும் சொல்வேன். வாடகையை வேறொருவர் தந்திருப்பார், அவருக்கும் இதே அறிக்கைதான் போகும்.

நன்றி வரியை மொழிபெயர்க்கவே வேண்டாம். ஒரு தடவை எளிமையாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே நோட்டிலிருந்து ஒரு காட்சியை வையுங்கள். ‘ஏழை எளிய மாணவர்கள்’ இங்கிலீஷில் பிள்ளையைக் கூனிக்குறுக வைக்கும். அம்மா களையெடுக்கப் போகிறார், வீட்டில் படிக்க விளக்கில்லை என்று உள்ளதை எழுதினால் தானாகப் புரியும்.

மொழிக்காரி: காட்சி இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை நான் முதலில் விட்டுவிட்டேன்: ‘முதல் மாசம் வாசப்படி தாண்டலை. இப்ப போர்டு பக்கத்துல இடம் பிடிக்கச் சண்டை போடுது.’ அதில்தான் ஆரம்பிக்கப்போகிறேன், பேரை மாற்றி. கீழேயே ‘அப்பா குடி’ என்றும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டேன்.

பழையநோட்டு: அதை எடுத்தா யாருங்க பணம் தருவாங்க?

கணக்குப்பிள்ளை: பேரை மாத்தினாலும் ஊர்ப் பேரும் வகுப்பும் இருந்தால் ஊருக்கே தெரியும். நாளைக்கு அந்தப் பிள்ளையே இங்கிலீஷ் படித்துவிட்டு இதை எடுத்துப் பார்க்கும்.

மொழிக்காரி: வாசப்படி வரியைப் போடுவதற்கே அம்மாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா சனிக்கிழமை போகிறார்.