மரவள்ளிச் சிப்ஸ் சீவுற சீவுகட்டையும் விரல் நுனியும்

தருமபுரம் அக்கா
மரவள்ளிச் சிப்ஸ் போட்டு விக்கிற பிள்ளைகள் எங்கட பக்கம் கூடிட்டினம். சீவுகட்டையில விரல் நுனி போறதும் கூடிட்டுது. வெட்டு எப்ப விழுகுது, ஏன் விழுகுது எண்டு தெரிஞ்சவை விபரமா எழுதுங்கோ.

செம்மண்
கடைசித் துண்டிலதான் கவனம் வேணும். கிழங்கு நீளமா இருக்கேக்க கை பிளேட்டுக்குத் தள்ளி நிக்கும். கட்டையாப் போன பிறகும் கை அதே வேகத்தில, அதே அமத்தலோட ஓடும். அப்ப கிழங்கு சரிஞ்சால் விரல் நேரே பிளேட்டுக்குத்தான்.

மரவள்ளிக்கு நடு நாரும் சேர்ந்த ஆபத்து. நார் பிளேட்டில மாட்டும், ஆள் இன்னும் அமத்துவார், சடாரெண்டு விடுபடும். மாட்டினால் அமத்தாதேங்கோ. பின்னுக்கு இழுத்து, கிழங்கைக் கொஞ்சம் உருட்டி வைச்சுத் தொடங்குங்கோ.

உரிச்ச கிழங்கு வழுக்கும். அதால கழுவின உடன துணியால ஈரம் போகத் துடைச்சு, 15 சென்ரிமீற்றர் துண்டா வெட்டி, அடியை நேராக்குங்கோ. சீவுகட்டைக்குக் கீழ ஈரத்துணி விரிச்சால் அது நகராது. கனம் 1 தொடக்கம் 1.5 மில்லிமீற்றர் காணும். துண்டு 5 சென்ரிமீற்றருக்கு வந்தவுடன முள்ளு வைச்ச கைபிடியில குத்துங்கோ. ஒண்டரை சென்ரிமீற்றர் மிஞ்சினால் நிப்பாட்டுங்கோ. 10 கிலோவுக்கு ஒரு கிலோ மட்டில மிஞ்சும். அது கறிக்குப் போகும். அந்த ஒரு கிலோவையும் சிப்ஸாக்கப் பாக்கிறதாலதான் விரல் போறது.

குளக்கட்டு
சீவுறதை விடக் கழுவேக்கதான் கனபேருக்கு வெட்டுப்படுது. நல்ல சுடுதண்ணியில சோப்புப் போட்டு, பேசினுக்க ஊறவிட்டால் மாவெல்லாம் கழண்டிடும். கை வைக்கவே தேவையில்லை.

செம்மண்
ஊறவிடச் சொன்னது சரி. சுடுதண்ணியும் சோப்பு நுரையும் பிழை. மரவள்ளி மா சூட்டில களியாகிப் பிளேட்டுக்குப் பின்னால பசை மாதிரி ஒட்டும். பிறகு அதைச் சுரண்டத்தான் விரல் போகும். நுரைக்குள்ள பிளேட் தெரியாது. கோப்பை கழுவ வாற இன்னொராள் கையை விட்டால் என்ன நடக்கும்?

சீவி முடிஞ்ச கையோட, மா காய முதல், பச்சைத்தண்ணியை ஒரு தனித் தட்டத்தில ஊத்திப் பத்து நிமிசம் வையுங்கோ. சட்டி பானையோட சேர்க்காதேங்கோ. பிறகு பிடியைப் பிடிச்சுக்கொண்டு, நீளப்பிடி பிரஷ்ஷால பிளேட்டின்ர முதுகுப்பக்கத்தில இருந்து கூர்ப்பக்கத்துக்கு வெளியால தள்ளித் தேயுங்கோ. துணியால துடைக்காமல் சாய்ச்சு வைச்சுக் காயவிடுங்கோ. கரட் துருவிறதுக்கும் இதுதான், ஆனால் துருவேக்க கரட் போற திசைக்கு எதிர்ப்பக்கமாத் தேய்க்கவேணும். துருவுற திசையில தேய்ச்சால் பல்லு ஸ்பொஞ்சையும் கிழிக்கும், தோலையும் கிழிக்கும்.

வாய்க்கால்
தேங்காய்ப்பூ அரைக்கிற மெசினைப் பற்றியோ கதைக்கிறியள்? எங்கடதில பிளேட்டுக்குக் கீழ பூ சிக்கி நிக்குது. கரண்ட் நிண்ட நேரத்தில கையை விட்டு எடுக்கலாம்தானே?

செம்மண்
கதை சீவுகட்டையைப் பற்றி. எண்டாலும் இதை விடேலாது. கரண்ட் நிண்ட நேரம்தான் செய்யக்கூடாது! சுவிச் போட்டபடி இருந்தால் கரண்ட் வந்தவுடன பிளேட் சுத்தும். முதல் பிளக்கைக் கழட்டுங்கோ. பிளேட் கழட்டக்கூடிய மெசின் எண்டால், நடுவில உள்ள பிளாஸ்ரிக் தண்டைப் பிடிச்சுப் பிளேட்டை வெளியில எடுத்துப்போட்டுப் பிறகு பாத்திரத்தைச் சரியுங்கோ. பிளேட்டோட சரிச்சால் அது வழுகி விழும், ஏந்தப் போற கையில ஏறும். கழட்டேலாத ஜார் எண்டால் மரக்கரண்டிப் பிடியால கிளறி எடுங்கோ. பிறகு அரைவாசிக்குத் தண்ணியும் ஒரு துளி சோப்பும் விட்டு, மூடி, சில விநாடி சுத்தி ஊத்துங்கோ.

மல்லாவி மிஸ்
வெட்டினால் கோப்பித்தூள் அப்பாதேங்கோ. ஓடுற தண்ணியில கழுவி, சுத்தமான துணியால பத்து நிமிசம் எடுத்துப் பாக்காமல் அமத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கோ. அப்பவும் நிக்காட்டில், அல்லது விரல் மரத்துப்போனால், மடக்க ஏலாட்டில் ஆஸ்பத்திரி. அவசரமெண்டால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. துண்டு கழண்டிருந்தால் ஈரத்துணியில சுத்திப் பையில போட்டு, அந்தப் பையை ஐஸ்தண்ணிக்குள்ள வைச்சுக் கொண்டுபோங்கோ. ஐஸ் துண்டில நேரே படக்கூடாது.

தருமபுரம் அக்கா
வெட்டுப்படாத கையுறை போட்டால் முள்ளுப்பிடி தேவையில்லையோ? மெல்லிய கிழங்கு முள்ளில நிக்குதில்லை எண்டு பிள்ளைகள் சொல்லுதுகள்.

செம்மண்
கையுறை சீவுற வெட்டைத் தாங்கும், கூர்முனை குத்தினால் தாங்காது. விரலுக்கு இறுக்கமா இருக்கவேணும். தொளதொளப்பான நுனி பிளேட்டில மாட்டும். சுத்துற மெசினுக்குக் கிட்ட அதைப் போடவே கூடாது, பிளேட் கையோட சேர்த்து இழுத்திடும். மெல்லிய கிழங்குக்கு நான் ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லுவன்.

குளக்கட்டு
நாள் முழுக்கச் சீவுற ஆளுக்கு அந்தக் கையுறை மாவில ஊறி வழுக்கும். எனக்கெண்டால் மெல்லிய கிழங்கைக் கத்தியால வெட்டச் சொல்லிவிடுறது நல்லது.

செம்மண்
கத்தியில ஒரே கனம் வராது, சில துண்டு கருகும், சில துண்டு பச்சையா நிக்கும். கையுறை வழுக்கினால் ஒருத்தருக்கு ரெண்டு சோடி வைச்சு மாத்திப் பாக்கலாம்.