தட்டச்சு முறையில் தமிழ் அடிக்க ஆண்ட்ராய்டு விசைப்பலகை உண்டா?

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, தினமும் மாலையில் அருகில் அமர்ந்து எனக்கு ஸ்மார்ட்போன் பழக்கி வருகிறாள். அழைப்பு, படம் அனுப்புதல் எல்லாம் வந்துவிட்டன. தமிழில் அடிப்பதுதான் வரவில்லை.

தட்டச்சுப் பொறியில் 'கொடி' என்று அடிக்க, கண்ணில் தெரியும் வரிசையிலேயே முதலில் கொம்பு, பிறகு க, அதன்பின் கால் என்று அழுத்துவோம். யூனிகோடு முறையிலோ மெய்யெழுத்து முன்னும் உயிர்க்குறி பின்னும் வர வேண்டும் என்பதால், என் விரல் பழக்கத்தில் முதலில் விழும் கொம்பு, எழுத்தோடு சேராமல் ஒரு புள்ளி வட்டத்தை ஒட்டி நின்றுவிடுகிறது. "தாத்தா, மொதல்ல க போடுங்க, கொம்பு தானா முன்னாடி போயிரும்" என்று அவள் சலிக்காமல் சொல்கிறாள். சொல்லும்போது புரிகிறது, அடுத்த சொல்லிலேயே விரல் பழைய வழிக்குப் போய்விடுகிறது.

தமிழ்99 முறைக்கு மாறும்படி அவள் யோசனை சொல்கிறாள். அதில் க, ஒ என்று அடித்தாலே 'கொ' வந்துவிடுகிறது. க விசையை இருமுறை அழுத்தினால் புள்ளியும் தானாக விழுந்து 'க்க' ஆகிறது. வசதிதான், ஆனால் விசைகளின் இடமே வேறு.

தட்டச்சு வரிசையில் வாங்கிக்கொண்டு யூனிகோடாக மாற்றித் தரும் இலவச ஆண்ட்ராய்டு விசைப்பலகை எதையேனும் யாராவது பயன்படுத்துகிறீர்களா? தட்டச்சிலிருந்து தமிழ்99க்கு மாறிய அன்பர்கள், கை பழக எவ்வளவு காலமாயிற்று என்றும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.